பத்தரை ரயில் மூன்று முறை போனது! - எட்டு வரிக் கவிதை ஒன்று எழுதிய கதை

சேக்காட்டில் எங்கள் வீட்டில் ராத்திரி மணி பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. தண்டவாளப் பக்கமிருந்து வரும் சத்தமே போதும். அதில் ஒரு ரயிலுக்கு மட்டும் எங்கள் வீட்டில் பெயர் உண்டு. பத்தரை ரயில். ரயில்வே அட்டவணையில் அதன் நேரம் என்னவோ, தெரியாது. பாரிமுனையில் ஒரு பேப்பர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா அதில்தான் வருவார். இந்து காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி, நடந்து, தெருமுனை திரும்பும்போது அவர் செருப்புச் சத்தம் கேட்கும். அதுவரை அம்மா வாசல் விளக்கை அணைக்க மாட்டார்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதலாம் ஆண்டு நினைவுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன அட்டை அடிக்கலாம் என்று அம்மா சொன்னார். "நீதான் பத்திரிகையில இருக்கியே, நாலு வரி எழுதேன்டி" என்றார். நான் நாலு வரிக்குப் பதில் எட்டு வரி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அந்த எட்டு வரிக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டு வரி, ஆனால் ஐந்து வரிதான்!

சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் அப்பா எனக்காக அவ்வப்போது எதையாவது வாங்கி வருவார். அப்படி வந்த ஓர் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பில்தான் ட்ரையோலெட்டை முதலில் பார்த்தேன். பிரான்ஸில் 13-ம் நூற்றாண்டிலேயே இருந்த வடிவம் இது. பிறகு ஆங்கிலத்துக்கும் வந்தது.

விதி ரொம்பச் சுலபம். மொத்தம் எட்டு வரி. முதல் வரி அப்படியே நான்காவது வரியாகவும் ஏழாவது வரியாகவும் வரும். இரண்டாவது வரி அப்படியே எட்டாவது வரியாக வரும். மூன்றாவது, ஐந்தாவது வரிகளின் கடைசி ஓசை முதல் வரியோடு ஒத்துப்போக வேண்டும். ஆறாவது வரியின் கடைசி ஓசை இரண்டாவது வரியோடு ஒத்துப்போக வேண்டும். தமிழில் சொன்னால், இயைபு. அவ்வளவுதான்.

எண்ணிப் பாருங்கள். எட்டு வரியில் நீங்கள் புதிதாக எழுத வேண்டியது ஐந்து வரிதான். முதல் இரண்டு வரிகளை எழுதிவிட்டால் எட்டில் ஐந்து இடம் நிரம்பிவிடும். மிச்சம் மூன்று, ஐந்து, ஆறு என்று மூன்று இடங்கள்தான். 'அட, அரை மணி நேர வேலை' என்றுதான் நானும் நினைத்தேன்.

சிக்கலும் அங்கேதான். ஒரே வரி எட்டு வரிக்குள் மூன்று முறை வந்தால், படிப்பவர் இரண்டாம் முறையே 'இதைத்தான் இப்போது படித்தோமே' என்று தாண்டிப் போய்விடுவார். இடம் நிரப்ப ஒட்டு போட்ட மாதிரி இருக்கும். இந்த வகைப் பாட்டு பிறந்த காலத்தில் அந்தப் பிரச்னை குறைவு. வட்டமாகக் கைகோத்து ஆடும்போது ஒருவர் பாட, திரும்ப வரும் வரியை மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நம் ஊர்க் கும்மிபோல. அங்கே குரல் மாறுகிறது. அதனால் வரி திரும்ப வருவது இயல்பாக இருக்கிறது. செல்போன் திரையில் படிக்கும்போது இருப்பது ஒரே ஒரு குரல். வரி ஏன் திரும்ப வருகிறது என்பதற்கான காரணத்தைக் கவிதைதான் தன் உள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

முதல் முயற்சி: 'போஸ்டர் மாதிரி இருக்கு'

நான் முதலில் எழுதியது இது. வெட்கப்படாமல் அப்படியே தருகிறேன்.

அப்பாவை நினைத்தால் மனம் நோகும்;
அந்த நாள் இனித் திரும்பாது.
பத்தரை மணிக்கு ரயில் போகும்;
அப்பாவை நினைத்தால் மனம் நோகும்.
வீதியில் நாய் ஒன்று தூங்கும்;
வாசல் விளக்கு அணையாது.
அப்பாவை நினைத்தால் மனம் நோகும்;
அந்த நாள் இனித் திரும்பாது.

விதிப்படி எல்லாம் சரி. நோகும், போகும், தூங்கும் ஒரு பக்கம். திரும்பாது, அணையாது மறு பக்கம். சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்குடி" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்த ரயில், விளக்கு ரெண்டும் நல்லாருக்கு. மத்ததை எல்லாரும் எழுதுவாங்க" என்றார்.

கோபம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. 'மனம் நோகும்' என்பது ஓர் உணர்ச்சியின் முடிவு. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அது நான்காவது வரியில் திரும்ப வரும்போது புதிதாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. சுற்றி எந்த வரி வந்தாலும் 'மனம் நோகும்' என்றால் மனம் நோகும்தான். அதன் பொருள் அசையாது.

ரயில் அப்படியில்லை. ரயில் போகிறது என்றால் அப்பா வந்துவிட்டார் என்று பொருள் கொள்ளலாம். ஊர் தூங்கும் நேரமாகிவிட்டது என்றும் கொள்ளலாம். வரவேண்டியவர் வராமலே ரயில் போகிறது என்றும் கொள்ளலாம். வரி அதேதான், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வேறு வேறு செய்தியைச் சொல்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. ரயில் நிஜத்திலேயே தினமும் திரும்ப வருவது. அது கவிதையிலும் திரும்ப வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

திரும்ப வரவேண்டிய வரிகளை நான் மூன்றாவது, ஆறாவது இடங்களில் ஒளித்து வைத்திருந்தேன். அவற்றுக்குத்தான் வீட்டின் முதல் அறையைக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதும் முதல் முயற்சியிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் வரியில் உணர்ச்சியைச் சொல்லிவிட்டு, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நடுவில் நிரப்பியிருப்பீர்கள். இடத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் முயற்சி: வரி சரி, ஆனாலும் ஒட்டு தெரிகிறது

பத்தரை ரயில் போகும்.
வாசல் விளக்கு அணையாது.
அப்பாவின் செருப்பொலி கேட்கும்.
பத்தரை ரயில் போகும்.
தெருநாய் சுருண்டு தூங்கும்.
அம்மாவுக்கு உறக்கம் வராது.
பத்தரை ரயில் போகும்.
வாசல் விளக்கு அணையாது.

இது போஸ்டர் இல்லை. எங்கள் தெரு தெரிகிறது. வரிக்கு மூன்று சீர் என்று அளவும் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால், நான்காவது வரிக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் எனக்கே நாக்கு தடுக்கியது.

காரணம் நேரம். ரயில் போகிறது, விளக்கு எரிகிறது, அப்பா வந்துவிட்டார். அப்புறம் மறுபடியும் ஏன் ரயில் போகிறது? கதை முன்னே போய்விட்ட பிறகு அந்த வரி அதைப் பின்னால் இழுக்கிறது. அதற்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. விதி சொன்னதால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று கிடைத்தது. நான்காவது வரியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். கவிதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த வரி ஒட்டு. மேலே இருப்பதில் மறைத்துப் பாருங்கள். செருப்பொலி கேட்கும், தெருநாய் தூங்கும் என்று வழுக்கிக்கொண்டு போகிறது. ஒன்றும் குறையவில்லை. அதாவது, அந்த வரி அங்கே தேவையே இல்லை.

ஏழாவது வரிக்கும் அதே கதி. அம்மாவுக்கு உறக்கம் வரவில்லை என்பது ஆறாவது வரி. ஆனால், அப்பா வருகிற ராத்திரிகளிலும் அம்மா தூங்காமல்தான் இருந்தார். முதல் வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவே எதுவும் மாறவில்லை. எதுவும் மாறாமல் வரி மட்டும் திரும்ப வந்தால் அது எதிரொலி, கவிதை இல்லை.

ஹார்டி வைத்த முற்றுப்புள்ளி

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் போனது. அப்பா வாங்கித் தந்த அதே தொகுப்பை மறுபடி எடுத்தேன். நாவலாசிரியராக நாம் அறிந்த தாமஸ் ஹார்டி நிறைய கவிதைகளும் எழுதியவர். 1901-ல் வெளியான அவருடைய கவிதை நூலில் சில ட்ரையோலெட்டுகள் உண்டு. அதில் ஒன்று, 'அட் எ ஹேஸ்டி வெட்டிங்', அதாவது அவசரக் கல்யாணம்.

அந்தக் கவிதையின் முதல் வரி, 'இப்படி இருந்தால் இந்த ஜோடிக்கு நல்லது' என்கிற அமைப்பில் வருகிறது. ஒரு நிபந்தனை, ஒரு முடிவு. நான்காவது வரியாக அது திரும்ப வரும்போது ஹார்டி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. வரியின் நடுவே ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். அவ்வளவுதான். நிபந்தனைப் பாதி முந்தைய வரியோடு சேர்ந்து ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டது. முடிவுப் பாதி அடுத்த வரியோடு சேர்ந்து புதிய வாக்கியத்தைத் தொடங்கிவிட்டது. அதே சொற்கள், ஆனால், இரண்டு பக்கத்து வரிகளோடும் தைக்கப்பட்டுவிட்டன. இப்போது அதை விரலால் மறைத்தால் மேலேயும் கீழேயும் வாக்கியம் அறுந்து தொங்கும்.

நான் தேடியது இதைத்தான். நான்காவது வரி தனி வாக்கியமாக நிற்கக் கூடாது. அது மேலேயோ கீழேயோ ஒரு வாக்கியத்துக்குள் உறுப்பாகிவிட வேண்டும்.

ஒரே வரியைத் திரும்பச் சொல்லிப் பொருளை மாற்றுவது நமக்கும் புதிதில்லை. திருஞானசம்பந்தர் சீகாழியின்மீது பாடிய 'ஏகபாதம்' என்ற பதிகத்தில் ஒவ்வொரு பாட்டிலும் ஒரே அடி நான்கு முறை வரும். சொற்களை வேறு வேறு விதமாகப் பிரித்தால் நான்கு முறையும் வேறு பொருள். தண்டியலங்காரம் இதுபோன்றவற்றை மடக்கு என்று இலக்கணம் சொல்லி வைத்திருக்கிறது. ஆனால், அதைப் புரிந்துகொள்ள நமக்கு உரை வேண்டும். ட்ரையோலெட்டில் கேட்ட மாத்திரத்தில் புரிய வேண்டும். மடக்கில் சொல்லின் பொருள் மாறுகிறது. ட்ரையோலெட்டில் சொல்லின் பொருள் அப்படியே இருக்க, சூழ்நிலை மாறுகிறது.

இன்னும் நெருக்கமான உறவு கீர்த்தனையில் இருக்கிறது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது, நல்ல கீர்த்தனைகளில் சரணத்தின் கடைசி வாக்கியம் பல்லவியின் முதல் சொல்லில் போய்த்தான் முடியும். பல்லவி திரும்ப வருவது போலவே இருக்காது. நாம் காத்திருந்த பதில் வந்ததுபோல் இருக்கும்.

தமிழில் திறந்த கதவுகள்

ஆங்கிலத்தில் ஹார்டி செய்ததைத் தமிழில் அப்படியே செய்ய முடியாது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வினை வந்துவிட்டால் வாக்கியம் முடிந்து கதவு சாத்திக்கொள்ளும். 'அம்மா வாசலில் நிற்பாள்' என்று ஒரு வரி வைத்திருந்தேன். அழகான வரிதான். ஆனால், 'நிற்பாள்' என்பதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நீட்டவே முடியாது. அடுத்த வரியை 'என்று' எனத் தொடங்கி அதை யாரோ சொன்னதாக மாற்றலாம். ஒரு முறை செய்தால் சரி. அடிக்கடி செய்தால் ஒட்டு போட்டதைவிட மோசமாகத் தெரியும்.

ஆனால், தமிழில் எல்லா வினையும் அப்படிக் கதவைச் சாத்துவதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் எனக்கு முதல்முறையாக உதவியது இங்கேதான். 'ரயில் போகும்' என்று நிறுத்தினால் அது முழு வாக்கியம். வினைமுற்று. அதையே 'ரயில் போகும் பாதை', 'ரயில் போகும் சத்தம்' என்று தொடர்ந்தால் அது பெயரெச்சம். எழுத்து மாறவில்லை, ஒலி மாறவில்லை. 'செய்யும்' என்கிற வாய்பாட்டில் வரும் சொற்களுக்கு எல்லாம் இந்த இரட்டை வேஷம் உண்டு. பெய்யும், கூவும், எரியும், கேட்கும் எல்லாமே முற்றாகவும் நிற்கும். அடுத்த வரியில் ஒரு பெயர்ச்சொல் கிடைத்தால் அதன்மீது சாய்ந்தும் நிற்கும்.

இன்னும் இரண்டு கதவுகள் கிடைத்தன. ஒன்று, 'போனது', 'வந்தது' போன்ற சொற்கள். 'கரண்ட் போனது' என்றால் வாக்கியம் முடிந்தது. அடுத்த வரியை 'தெரியாமல் பாப்பா தூங்கியது' என்று தொடங்கினால், கரண்ட் போன விஷயம் தெரியாமல் பாப்பா தூங்கியது என்று ஒரே வாக்கியமாகிவிடும். இரண்டாவது, பெயர்ச்சொல்லில் முடியும் வரி. 'வாசலில் அப்பாவின் சைக்கிள்' என்பது தனியே ஒரு காட்சி. அடுத்த வரியில் 'சாய்ந்தே நிற்கிறது' என்று வந்தால் அதுவே எழுவாய்.

ஆக, திரும்ப வரப்போகும் முதல் வரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கடைசிச் சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது திறந்த கதவா, சாத்திய கதவா?

என் வரி 'போகும்' என்று முடிந்திருந்தது. கதவு முதலிலிருந்தே திறந்துதான் இருந்தது. நான்தான் முற்றுப்புள்ளி வைத்துச் சாத்தியிருந்தேன்.

மூன்றாம் முயற்சி: ஒரு புள்ளியை எடுத்தேன்

நான்காவது வரியின் புள்ளியை எடுத்துவிட்டு, அடுத்த வரியைச் 'சத்தத்தில்' என்று தொடங்கினேன். தெருநாயை அனுப்பிவிட்டேன்.

பத்தரை ரயில் போகும்
சத்தத்தில் தெருவும் தூங்கும்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். விருந்தாளிகள்தான் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது தாலாட்டு. பத்தரை, சத்தம் என்று எதுகை தானாக வந்து விழுந்தது கூடுதல் லாபம்.

முன்பு தடுக்கிய நேரச் சிக்கலும் போய்விட்டது. 'ரயில் போகும்' என்று முடித்தால் அது ஒரு சம்பவம், நேரம் நகரும். 'ரயில் போகும் சத்தம்' என்றால் அது சம்பவம் இல்லை. சத்தத்துக்கு ஓர் அடையாளம். அப்பா வந்துசேர்ந்த பிறகும் அதைச் சொல்லலாம். இப்போது விரலால் நான்காவது வரியை மறைத்துப் பாருங்கள். 'சத்தத்தில் தெருவும் தூங்கும்' மட்டும் மிஞ்சும். எந்தச் சத்தத்தில் என்று கேள்வி வரும். வரிக்கு வேலை கிடைத்துவிட்டது.

அடுத்து ஆறாவது வரி. ட்ரையோலெட்டில் இதுதான் கடைசிப் புது வரி. இதற்குப் பிறகு வரும் இரண்டும் பழையவை. எனவே, மாற்றம் என்று ஒன்று நடக்க வேண்டுமானால் இங்கேயே நடக்க வேண்டும். 'அப்பா இறந்துபோனார்' என்கிற அர்த்தத்தில் நான்கைந்து வரிகள் எழுதி அடித்தேன். எதைச் சொன்னாலும் மறுபடியும் போஸ்டர் வாசனை வந்தது. கடைசியில் புதிய செய்தி எதையும் சேர்க்காமல், மூன்றாவது வரியில் கேட்ட அதே செருப்பொலியையே எடுத்துக்கொண்டேன். அது இனிமேல் வராது. அவ்வளவுதான்.

பத்தரை ரயில் போகும்;
வாசல் விளக்கு அணையாது.
அப்பாவின் செருப்பொலி கேட்கும்.
பத்தரை ரயில் போகும்
சத்தத்தில் தெருவும் தூங்கும்.
செருப்பொலி இனிமேல் வராது.
பத்தரை ரயில் போகும்;
வாசல் விளக்கு அணையாது.

முதல் வரியில் ரயில் போவது அப்பாவை இறக்கிவிட்டு. நான்காவது வரியில் அது வெறும் சத்தம். ஏழாவது வரியில் யாரையும் இறக்காமல் போகிறது. இரண்டாவது வரியில் விளக்கு அணையாமல் இருப்பது, வருகிறவருக்கு வழி தெரிய. எட்டாவது வரியில் யாருக்காக? அதை நான் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

மாற்றலாமா, கூடாதா?

ஒரு சந்தேகம் வரலாம். ஏழாவது வரியில் 'போகும்' என்பதைப் 'போச்சு' என்றோ 'போனாலும்' என்றோ மாற்றினால் இன்னும் தெளிவாக இருக்குமே? நானும் போட்டுப் பார்த்தேன். 'பத்தரை ரயில் போனாலும் வாசல் விளக்கு அணையாது' என்று படித்ததும் கவிதை விளக்கவுரையாகிவிட்டது. ரயில் போனாலும்கூட விளக்கு அணையாது என்பதைப் படிப்பவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். நான் அதைச் சொல்லிவிட்டேன்.

சின்ன மாற்றங்களை அனுமதிக்கும் கவிஞர்கள் உண்டு. என் அனுபவத்தில், வரியை மாற்றத் தோன்றினால் அதற்கு முந்தைய வரியில் ஏதோ குறை என்று அர்த்தம். நிறுத்தக்குறிகளை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமையை நான் எடுத்துக்கொண்டேன். சொற்களைத் தொடவில்லை.

இந்த வடிவத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. இதில் ஒரே ஒரு திருப்பத்துக்குத்தான் இடம். அப்பாவின் கடை, புத்தகங்கள், ஆஸ்பத்திரி நாட்கள் எதையும் இதற்குள் கொண்டுவர முடியவில்லை. ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஒரு புதுப் பொருள் உள்ளே வந்தாலும் திரும்ப வரும் வரி அதோடு பேச மறுத்தது. கதை சொல்ல ஆசையிருந்தால் வேறு வடிவத்துக்குப் போய்விடுவது நல்லது.

நீங்கள் எழுதிப் பார்ப்பதாக இருந்தால், உங்கள் வீட்டில் நிஜமாகவே தினமும் திரும்ப வருவது எது என்று முதலில் யோசியுங்கள். தண்ணீர் லாரி, குக்கர் விசில், பள்ளிக்கூட வேன், பக்கத்து வீட்டு டி.வி. சீரியல் பாட்டு. அதைத் திறந்த சொல்லில் முடியும் ஒரு வரியாக்குங்கள். அதற்கு ஒரு துணை வரி எழுதுங்கள். ஒரு தாளில் ஐந்து இடங்களிலும் அவற்றை எழுதிவிட்டு, காலியாக நிற்கும் மூன்று இடங்களைப் பாருங்கள். மூன்றாவது வரி முதல் பொருளை நிலைநாட்ட வேண்டும். ஐந்தாவது வரி நான்காவதைத் தன்னோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஆறாவது வரி சூழ்நிலையை மாற்ற வேண்டும். முடித்ததும் யாரிடமாவது சத்தமாக வாசியுங்கள். திரும்ப வரும் வரியை மூன்று முறையும் ஒரே குரலில்தான் சொல்ல முடிகிறது என்றால், வேலை இன்னும் முடியவில்லை.

அம்மாவின் திருத்தம்

மூன்றாம் முயற்சியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்த முறை கையில் காய் எதுவும் இல்லை. முழுசாகக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"செருப்பொலின்னு யாருடி பேசுறா? செருப்புச் சத்தம்னு போடு" என்றார்.

"சத்தத்தை ரயிலுக்குக் குடுத்துட்டேன்மா. ரெண்டு எடத்துல வந்தா கொழப்பமாயிடும்" என்றேன்.

"சரி, உன் இஷ்டம்" என்றவர், "கடைசியில ஏன் அணையாதுன்னு எழுதலையே?" என்று கேட்டார்.

"எழுதணுமா?"

"வேணாம்" என்றார்.

அட்டை அச்சுக்குப் போயிருக்கிறது. அதில் அப்பாவின் போட்டோ, பெயர், தேதி, இந்த எட்டு வரிகள். இதை எழுதி முடிக்கும் இந்த ராத்திரி, ரயில் சத்தம் இப்போதுதான் கேட்டு ஓய்ந்தது. அம்மா தூங்கப் போய்விட்டார். ஜன்னல் வழியே வாசல் வெளிச்சம் என் மேஜைவரை விழுகிறது. எழுந்து போய் ஸ்விட்ச்சை அணைக்க எனக்கும் தோன்றவில்லை.